எழுத்திலிருந்து திரைக்கு: 'ராஷோமோன்' திரைக்கதையில் காட்டலும் நீக்கலும் உணர்த்தலும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய எழுத்தாளர் ரியுனொசுகே அகுதாகவா 1922-இல் எழுதிய 'யபு நோ நகா' (தோப்பினுள்) என்னும் சிறுகதை, 1950-இல் அகிரா குரோசவாவின் இயக்கத்தில் 'ராஷோமோன்' என்னும் திரைப்படமாயிற்று. ஷினோபு ஹஷிமோட்டோவும் குரோசவாவும் இணைந்து எழுதிய இத்திரைக்கதை, சிறுகதையில் எவற்றைக் காட்டியது, எவற்றை நீக்கியது, எவற்றைக் குறிப்பாக விட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கதையின் இறுதியில் வரும் 'கண்ணுக்குத் தெரியாத கை' என்னும் ஒரே குறிப்பைத் திரைக்கதை விடுவிக்க முற்பட்டதே அதன் பிற மாற்றங்கள் பலவற்றையும் ஒருங்கிணைக்கிறது என்பது கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: சிறுகதை, திரைக்கதை, தழுவல், கூற்று, கேட்போர், குறிப்பு, அகுதாகவா, குரோசவா, ஹஷிமோட்டோ.

முன்னுரை

சிறுகதையைத் திரைக்கதையாக்குதல் பொதுவாகச் சுருக்கும் பணி அன்று, விரிக்கும் பணியாகும். நாவலைத் தழுவுவோர் எதை விடுவது என்று தேர்வர். சிறுகதையைத் தழுவுவோரோ இல்லாத எதனைச் சேர்ப்பது என்பதையும் தீர்மானிக்க வேண்டியுள்ளது. அவ்வாறு சேர்க்கப்படுவது மூலக்கதையின் உள்ளிருந்து எழுந்ததா, வெளியிலிருந்து ஒட்டப்பட்டதா என்பதைப் பொறுத்தே தழுவலின் தகுதி அமைகிறது. இவ்வினாவை ஆராய 'ராஷோமோன்' நல்ல சான்றாகும். அதன் மூலக்கதை சில பக்கங்களே கொண்டது. படமோ 88 நிமிடங்கள் ஓடுவது. இடைப்பட்ட தொலைவு எவ்வாறு கடக்கப்பட்டது என்பதை இரண்டையும் அருகருகே வைத்துக் காண இயலும்.

1. மூலத்தின் மூலம்

அகுதாகவாவின் கதையே ஒரு தழுவலாகும். 'கொன்ஜாகு மொனோகதாரிஷூ' என்னும் பழைய ஜப்பானியக் கதைத் தொகுதியில், மனைவியுடன் பயணம் செய்யும் ஒருவன் வழியில் சந்தித்த அந்நியனிடம் ஏமாந்து மரத்தில் கட்டப்படுவதும், அவன் கண்முன்னே மனைவி வன்முறைக்கு உள்ளாவதும் கூறப்படுகின்றன. அக்கதையில் கொலை இல்லை. அந்நியன் குதிரையேறிச் சென்றபின் மனைவி கணவனின் கட்டை அவிழ்த்து அவனது கையாலாகாமையைக் கடிந்துகொள்கிறாள். இருவரும் பயணத்தைத் தொடர்கின்றனர். கதைசொல்லி ஒருவரே, அவர் கூற்றில் ஐயத்திற்கு இடமில்லை.

அகுதாகவா இதில் இரண்டு மாற்றங்களைச் செய்தார். கணவனை இறக்கச் செய்தார்; கதைசொல்லியை நீக்கினார். எஞ்சியவை ஏழு கூற்றுகள்: விறகுவெட்டி, பயணத்துறவி, காவலன், பெண்ணின் தாய் ஆகிய நால்வரின் சாட்சியங்கள், தஜோமாரு என்னும் கொள்ளையனின் வாக்குமூலம், கியோமிஸு கோயிலில் அப்பெண் செய்யும் பாவமன்னிப்பு முறையீடு, மருளாடி ஒருத்தியின் வாய்வழியே இறந்தவன் பேசும் பேச்சு. இறுதி மூவரும் கொலையைத் தாமே செய்ததாகக் கூறுகின்றனர். கொள்ளையன் வாட்போரில் கொன்றதாகவும், மனைவி குறுவாளால் குத்தியதாகவும், கணவன் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டதாகவும் சொல்கின்றனர். குற்றத்தை மறுப்பதற்கு மாறாக மூவரும் அதனைத் தமதாக்கிக்கொள்ள முனைவதே கதையின் புதுமை.

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், எச்சம் ஆகியன உள. அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவியோ தோழியோ தலைவனோ பேசுகின்றனர். யார் யாரிடம் பேசினர் என்பதைத் துறைக்குறிப்பே பின்னர் உணர்த்தும். அகுதாகவாவின் கதையும் கூற்றுகளால் மட்டுமே ஆனது. கேட்போர் யார் என்பது தலைப்புகளிலும் விடைகளிலும் குறிப்பாக மட்டுமே தெரிகிறது. திரைக்கதை எதிர்கொண்ட சிக்கல்களை விளக்க இந்நான்கு சொற்களும் துணைசெய்கின்றன.

2. திரைக்கதை உருவான வரலாறு

ஹஷிமோட்டோ 1918-இல் பிறந்தவர். இராணுவத்தில் சேர்ந்த இளமையில் காசநோயுற்று மருத்துவ இல்லத்தில் இருந்தபோது, ஒரு திரைப்பட இதழைப் படித்துத் திரைக்கதை எழுதும் ஆர்வம் கொண்டார். இயக்குநர் மன்சாகு இடாமி அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். 1946-இல் இடாமி மறைந்தார். அலுவலகப் பணியாளராக இருந்துகொண்டே எழுதிவந்த ஹஷிமோட்டோ, 'யபு நோ நகா'வைத் தழுவி ஒரு திரைக்கதை எழுதினார். ஆண், பெண் என்னும் இருபாலையும் குறிக்கும் 'ஷியூ' என்பது அதற்கு அவர் இட்ட தலைப்பு. அது இடாமியின் வட்டத்தைச் சார்ந்தோர் வழியாகக் குரோசவாவின் கைக்கு வந்தது.

அதில் குரோசவா கண்ட குறை ஒன்றே: முழுநீளப் படத்திற்கு அது போதாது. அதே அகுதாகவா 1915-இல் எழுதிய 'ராஷோமோன்' என்னும் மற்றொரு சிறுகதையை இணைப்பதென முடிவாயிற்று. இவ்வெண்ணம் யாருடையது என்பதில் இருவரின் நினைவுக்குறிப்புகளும் ஒத்துப்போவதில்லை. குரோசவா தம் தன்வரலாற்றில், மூன்று கூற்றுகளுடன் நான்காவது ஒன்றைச் சேர்த்தால் அளவு சரியாகும் என்று தாம் கருதியதையும், 'ராஷோமோன்' கதை தமக்கு நினைவுக்கு வந்ததையும் எழுதுகிறார். ஹஷிமோட்டோ தம் நூலில், அக்கதையைச் சேர்க்கலாம் என்று தாமே கூறியதாக எழுதுகிறார். முரண்படும் கூற்றுகளைப் பற்றிய படத்தின் பிறப்பு குறித்தும் முரண்படும் கூற்றுகளே கிடைக்கின்றன. இவ்வாய்வுக்கு வேண்டிய அளவில் இருவரும் உடன்படுவது, நீளம் போதாமை என்னும் நடைமுறைத் தேவையிலிருந்தே மாற்றம் தொடங்கியது என்பதாகும்.

3. கேட்போரைக் காட்டாமை

சிறுகதையில் விசாரணை அதிகாரியின் வினாக்கள் அச்சிடப்படவில்லை. விறகுவெட்டி தன் பேச்சின் நடுவே, வாள் ஏதும் கிடந்ததா என்ற பொருளில் ஒரு வினாவைத் திருப்பிச் சொல்லி, இல்லை என்கிறான். வினவியவர் அங்கே இருக்கிறார் என்பது அவ்விடையால் மட்டுமே விளங்குகிறது.

திரைக்கதை இந்த உத்தியை அப்படியே காத்துக்கொண்டது. படத்தில் வழக்காடும் முற்றம் உண்டு. வெண்மணல், பின்னே தாழ்ந்த சுவர், கடும் வெயில் ஆகியன உண்டு. அதிகாரியோ காட்டப்படுவதில்லை, அவர் குரலும் கேட்பதில்லை. சாட்சிகள் நம்மை நோக்கி அமர்ந்து, நாம் கேளாத வினாக்களுக்கு விடையளிக்கின்றனர். இவ்வொரு முடிவால் பார்வையாளர் நீதிபதியின் இருக்கையில் அமர்த்தப்படுகிறார். அதிகாரியாக ஒரு நடிகரை அமர்த்தியிருந்தால், அவர் முகக்குறிப்பே சாட்சியத்தின் மதிப்பைச் சொல்லிவிடும். அவர் நம்பினாரா இல்லையா என்பதைப் பார்த்து நாமும் முடிவுசெய்வோம். வாசகருக்கு இருந்த தனிமை பறிபோயிருக்கும்.

ஆயினும் 88 நிமிடங்கள் இத்தனிமையிலேயே பார்வையாளரை இருத்தல் இயலாது. எனவே திரைக்கதை வேறோர் இடத்தில் கேட்போரைப் படைத்தது. 'ராஷோமோன்' சிறுகதையிலிருந்து மழையும் பாழடைந்த கோட்டை வாயிலும் எடுக்கப்பட்டன. மூலத்தில் ஒருமுறை பேசி மறையும் விறகுவெட்டியும் துறவியும் அவ்வாயிலில் ஒதுங்கி அமர்ந்திருக்கின்றனர்; எதையும் நம்பாத ஒரு வழிப்போக்கன் அவர்களிடம் கதை கேட்கிறான். களன் மூன்றாயிற்று: மழை பெய்யும் வாயில், வெயில் காயும் முற்றம், இலைநிழல் அசையும் காடு. எந்தக் காலத்தில் யார் பேசுகிறார் என்பதை ஒளியாலேயே அறியலாம்; விளக்கும் உரையாடல் தேவைப்படவில்லை.

4. நீக்கப்பட்டவை

பெண்ணின் தாய் கூறும் சாட்சியம் முற்றிலும் நீக்கப்பட்டது. சிறுகதையில் அவள் இறந்தவனின் பெயரையும் வயதையும் மகளின் இயல்பையும் தந்து கண்ணீருடன் முறையிடுகிறாள். அச்செய்திகள் வாசகருக்கு வேண்டியவை. ஏனெனில் அவர் அப்பெண்ணைக் காண்பதில்லை. திரையில் மாச்சிகோ கியோ தோன்றிய கணமே அவ்வறிமுகம் முடிந்துவிடுகிறது. மேலும் தாயின் அழுகை, மகள் நல்லவள் என்னும் முன்முடிவை ஏற்படுத்தும். பின்வரும் நான்கு வடிவங்களில் நான்கு வெவ்வேறு பெண்களாக அவள் தோன்றுவதற்கு அது தடையாகும்.

'ராஷோமோன்' சிறுகதையின் நிகழ்ச்சியும் ஏறத்தாழ முழுமையாக நீக்கப்பட்டது. வேலையிழந்த ஏவலாள் ஒருவன், வாயிலின் மேல்தளத்தில் பிணங்களிடையே கிழவி ஒருத்தி இறந்தவளின் கூந்தலைப் பிடுங்குவதைக் காண்கிறான். பொய்முடி செய்து விற்கவே அவ்வாறு செய்கிறாள். பசிக்குச் செய்வது பிழையன்று என்பது அவள் வாதம். அதே வாதத்தை ஏற்று அவன் அவளது ஆடையை உரித்துக்கொண்டு ஓடுகிறான். படத்தில் கிழவி இல்லை, கூந்தல் இல்லை. ஆயினும் இறுதியில், வாயிலில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தையின் துணியை வழிப்போக்கன் உருவிச் செல்கிறான்; தன் செயலுக்கு அவனும் நியாயம் கற்பிக்கிறான். நிகழ்ச்சி நீங்கி, அதன் வாதம் மட்டும் இடம்பெயர்ந்துள்ளது. தழுவலில் நீக்கம் என்பது பலபோது இத்தகைய இடப்பெயர்வேயாகும்.

5. உணர்த்தப்பட்டவை

வன்முறையை மூலக்கதை விவரிக்கவில்லை. கொள்ளையன் தன் எண்ணம் ஈடேறியதாகச் சொல்லிக் கடக்கிறான், பெண்ணின் கூற்று அதற்குப் பின்னிருந்தே தொடங்குகிறது. படமும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. கிளைகளின் ஊடே கண்ணைக் கூசும் கதிரவன், பெண்ணின் பிடி தளர்ந்து மண்ணில் விழுந்து குத்தி நிற்கும் குறுவாள், கொள்ளையனின் முதுகைப் பற்றும் அவள் கை ஆகியவற்றோடு அக்காட்சி முடிகிறது. இக்காட்சி தஜோமாருவின் வாக்குமூலத்துள் வருகிறது என்பதை மறக்கலாகாது. அவள் கை அவனைத் தழுவியது என்பது அவன் சொல்லும் செய்தி. அதைப் படம் தன் கூற்றாக உறுதி செய்யவில்லை.

இங்கேதான் இத்தழுவலின் அடிப்படைச் சிக்கல் தோன்றுகிறது. எழுத்தில் சாட்சியம் ஒரு குரல். அதை ஐயுறுவது எளிது. திரையில் அதே சாட்சியம் நிகழ்ச்சியாகிவிடுகிறது. கண்ணால் கண்டதை ஐயுறுவது கடினம். அதே 1950-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த 'ஸ்டேஜ் ஃபிரைட்' என்னும் படத்தின் தொடக்கத்தில் ஒருவன் சொல்லும் பொய் காட்சியாகக் காட்டப்பட்டது. இறுதியில் அது பொய்யென வெளிப்பட்டபோது, படம் தம்மை ஏமாற்றியதாகப் பலர் குறைகூறினர். அவ்வாறு செய்தது தவறென ஹிட்ச்காக்கும் பின்னர் கூறினார்.

'ராஷோமோன்' இக்குறைக்கு ஆளாகாததன் காரணம் அதன் அமைப்பில் உள்ளது. ஒரே ஒரு பொய்க்காட்சி இருந்தால் அது ஏமாற்று. ஒன்றையொன்று மறுக்கும் நான்கு காட்சிகள் இருந்தால், காட்சி என்பதே ஒருவரின் கூற்று எனப் பார்வையாளர் கற்றுக்கொள்கிறார். ஒவ்வொரு காட்சியும் பேசுபவரின் முகத்தில் தொடங்கி அவர் முகத்திலேயே முடிகிறது. நடையும் மாறுகிறது. சிறுகதையில் கொள்ளையன், தன்னுடன் இருபது முறைக்கு மேல் வாள் மோதியவன் இவன் ஒருவனே என்றும், இருபத்து மூன்றாம் மோதலில் வீழ்த்தியதாகவும் பெருமை பேசுகிறான். படத்தில் அவன் கூற்றில் வரும் போர் அப்பெருமைக்கு ஏற்பத் துடிப்பும் நேர்த்தியும் உடையது. விறகுவெட்டியின் கூற்றில் அதே போரில் இருவரும் நடுங்குகின்றனர், இடறி விழுகின்றனர், மூச்சிரைக்கின்றனர், இசையும் இல்லை. முதற்போர் தற்புகழ்ச்சி என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது போரைக் கண்டபின் நாமே உணர்கிறோம்.

6. ஒரு குறுவாளின் வழி

தழுவலின் மையமான முடிவு குறுவாளைப் பற்றியது. சிறுகதையின் இறுதியில், மார்பில் குறுவாளுடன் இருள் சூழக் கிடக்கும் கணவன், யாரோ ஓசையின்றி அருகே வந்ததையும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை குறுவாளை மெல்லப் பிடுங்கியதையும் சொல்கிறான். அந்தக் கை யாருடையது என்று கதை கூறுவதில்லை. இது எச்சமாக விடப்பட்ட இடம். வாசகர் கதையின் தொடக்கத்திற்குத் திரும்பி, உடலை முதலில் கண்டவன் யார் என்று எண்ணிப்பார்க்கலாம், எண்ணாமலும் விடலாம்.

திரைக்கதை அந்தக் கையை விறகுவெட்டிக்கு அளித்தது. ஆனால் திடீரென அளிக்கவில்லை. வழியெங்கும் தடயங்களை இட்டுச்சென்றது. முதலில் விறகுவெட்டி முற்றத்தில் வாள் எதையும் காணவில்லை என்கிறான். தஜோமாரு, முத்துப் பதித்த விலைமிக்க குறுவாளை மறந்து விட்டுவிட்டது பெரும் மடமை என்று வருந்துகிறான். பெண், தான் மயங்கி விழித்தபோது கணவன் மார்பில் குறுவாள் நின்றதாகச் சொல்கிறாள். மூலத்தில் அவளே குத்தினாள். திரைக்கதை அச்செயலை மயக்கத்துள் மறைத்துவிட்டு, குறுவாள் இருந்த இடத்தை மட்டும் உறுதிசெய்கிறது. பின்னர் இறந்தவன் அதை யாரோ பிடுங்கியதாகச் சொல்கிறான். இவற்றுக்கெல்லாம் பின்னணியில் விறகுவெட்டியும் துறவியும் சுவரோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

வாயிலுக்குத் திரும்பியதும் விறகுவெட்டி, குறுவாளே இல்லை, அவன் வாளால்தான் கொல்லப்பட்டான் என்று வெடிக்கிறான். அந்த மறுப்பே அவன் அனைத்தையும் கண்டவன் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அதிலிருந்து நான்காம் கூற்று பிறக்கிறது. நீளத்திற்காகச் சேர்க்கப்பட்டது என்று குரோசவா குறிப்பிடும் பகுதி, கதையின் உள்ளேயே இருந்த ஒரு வினாவுக்கு விடையாக அமைகிறது. இறுதியில் வழிப்போக்கன், முத்துப் பதித்த அந்தக் குறுவாள் எங்கே என்று கேட்கிறான். விறகுவெட்டி பேசவில்லை. திருட்டு நிகழும் காட்சி படத்தில் எங்கும் இல்லை. நான்கு கூற்றுகளையும் காட்சியாக்கிய படம், ஐயத்திற்கு இடமற்றதாகத் தோன்றும் ஒரே செயலை மட்டும் காட்டாமல் விட்டது. காட்டியிருந்தால் அதுவும் இன்னொரு வடிவமாகிவிடும். ஒரு மனிதனின் மௌனமாக விட்டதால் அதை நம்புகிறோம்.

7. இதன் விலை

இம்முடிவுக்கு விலையும் உண்டு. சிறுகதையில் ஏழு கூற்றுகளும் சம எடையுள்ள ஆவணங்கள். படத்தில் நான்காம் கூற்று இறுதியில் வருவதாலும், வழக்கில் பங்கில்லாத ஒருவன் வாயிலாக வருவதாலும், அதுவே உண்மை என்று பலர் எடுத்துக்கொள்கின்றனர். வரிசையே தீர்ப்பாகிவிடும் அபாயம் இது. குறுவாளைப் பற்றிய வினா அதைத் தடுக்கவே பயன்படுகிறது. சொன்னவனுக்கும் மறைக்க ஒன்று இருந்தது என்று தெரிந்தபின் நான்காம் கூற்றும் ஆட்டம் காண்கிறது.

கைவிடப்பட்ட குழந்தை இருசிறுகதைகளிலும் இல்லாதது. ஆறு பிள்ளைகள் உள்ள விறகுவெட்டி அதைத் தன்னுடன் எடுத்துச் செல்வதும், மழை விடுவதும் அகுதாகவாவின் கசப்புக்கு மாறான முடிவெனப் பலர் குறைகூறியுள்ளனர். அக்குறையில் நியாயம் உண்டு. குழந்தை முன்தடயம் ஏதுமின்றி வருகிறது. ஆயினும் காரணம் தெளிவு. கண்ணுக்குத் தெரியாத கைக்கு ஓர் உடலைத் தந்துவிட்டபின், அந்த மனிதனை என்செய்வது என்னும் பொறுப்பும் திரைக்கதைக்கு வந்துசேர்கிறது. மூலத்தில் எஞ்சும் வினா என்ன நடந்தது என்பது. படத்தில் எஞ்சுவது, இவனை இனி நம்பலாமா என்பது. திருடிய அதே கைகளில் குழந்தையைத் துறவி ஒப்படைக்கும்போது அவ்வினாவுக்கு ஒரு விடை முன்வைக்கப்படுகிறது. குறுவாளைச் சேர்த்ததும் குழந்தையைச் சேர்த்ததும் ஒரே முடிவின் இரு பக்கங்கள். எனினும் முன்னது மூலத்தின் எச்சத்திலிருந்து வளர்ந்தது, பின்னது வெளியிலிருந்து வந்தது. பார்வையாளர் முன்னதை இயல்பாக ஏற்று, பின்னதில் தயங்குவதற்கு இவ்வேறுபாடே காரணம் எனலாம்.

தமிழில் இப்படத்தின் தாக்கம் பெற்றதாகக் கூறப்படும் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு இறக்க, பலர் பலவாறு சொல்கின்றனர். ஆனால் அங்கே இறுதியில் கொலையாளி யார் என்பது ஐயமின்றி வெளிப்படுகிறது. கூற்றுகளின் அடுக்கு தமிழுக்கு வந்தது, எச்சம் வரவில்லை. அப்படம் துப்பறியும் கதையாக நிறைவுறுவதால் அதற்கு எச்சம் தேவைப்படவுமில்லை.

முடிவுரை

'ராஷோமோன்' திரைக்கதையில், மூலத்தின் கேட்போர் காட்டப்படாமலேயே காக்கப்பட்டனர். புதிய கேட்போர் வாயிலில் படைக்கப்பட்டனர். தாயின் சாட்சியம், உருவத்தால் நிரம்பும் செய்திகளைத் தந்ததால் நீக்கப்பட்டது. இரண்டாம் சிறுகதையின் நிகழ்ச்சி நீங்கி வாதம் நின்றது. மூலத்தில் ஒற்றைக் குறிப்பாக இருந்த கை, தடயம் தடயமாக வளர்க்கப்பட்டுப் படத்தின் முதுகெலும்பாயிற்று; ஆயினும் அக்கை செய்த செயல் கடைசிவரை காட்டப்படவில்லை. சிறுகதையை விரிக்கும் திரைக்கதையாசிரியர் முதலில் தேட வேண்டிய இடம், மூலம் பேசாமல் விட்ட இடமே என்பதை இத்தழுவல் உணர்த்துகிறது. அவ்விடத்தை நிரப்பியபின் அதற்கு ஈடாக வேறோர் இடத்தைப் பேசாமல் விட வேண்டும் என்பதையும் அதுவே உணர்த்துகிறது.